கடைசியில் நிற்கும் நான்கு இலட்சம்: மலையகத்து ஓட்டோக் கடனும் பலூன் தவணையும்

தோட்டத்து லயத்திலிருந்து ஓட்டோ வாங்கப் புறப்படும் இளைஞனிடம் முழுப் பணமும் இருப்பதில்லை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில்தான் அவனுடைய வண்டி தொடங்குகிறது. அங்கே பேச்சு வண்டியின் விலையில் நிற்பதில்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கேள்விக்கு விரைவில் வந்துவிடும். அவன் சொல்லும் தொகைக்குள் வழக்கமான தவணை அடங்காதபோது அதை அடக்க இரண்டு வழிகள் உண்டு. காலத்தை நீட்டலாம். அல்லது கடனில் ஒரு பகுதியை மாதத் தவணைகளுக்குள் சேர்க்காமல், எல்லாத் தவணையும் முடியும் நாளில் ஒரே தொகையாகக் கட்டும்படி ஒதுக்கி வைக்கலாம். இந்த இரண்டாவது ஏற்பாடுதான் பலூன் தவணை. இதைத் தவணைக் குறைப்பாகப் பார்ப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒதுக்கி வைத்த தொகை தனியான இன்னொரு கடன். முதல் மாதத்திலிருந்தே அதற்கு வட்டி ஓடுகிறது. தவணையைக் கணக்கிடும் முறையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

கணக்குக்கு வசதியான எண்களை எடுத்துக்கொள்வோம். கடன் 10 இலட்சம் ரூபா, காலம் 48 மாதம், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது குறைந்துவரும் மீதியின் மேல் மாதத்துக்கு 1.5 சதவீதம். பலூன் இல்லாவிட்டால் மாதத் தவணை 29,375 ரூபா. இப்போது 4 இலட்சத்தைக் கடைசிக்கு ஒதுக்குகிறோம். கடன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி 6 இலட்சம். அது 48 மாதத்தில் வட்டியும் முதலுமாகக் கரைந்து போக வேண்டியது. அதற்கு மாதம் 17,625 ரூபா. மற்றப் பகுதி 4 இலட்சம். அதில் முதல் ஒரு சதமும் குறைவதில்லை, ஆனால் மாதம் 1.5 சதவீத வட்டி கட்டியே ஆக வேண்டும். அது 6,000 ரூபா. இரண்டையும் கூட்டினால் 23,625. இதுதான் சரியான தவணை. சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
M = (P - B) × i / (1 - (1 + i)^-n) + B × i
```

P கடன், B கடைசிப் பெருந்தொகை, i மாத வட்டி, n மாதங்கள், M மாதத் தவணை. பாடநூல்களில் இதே சூத்திரம் வேறு உருவத்தில் வரும்: பெருந்தொகையின் இன்றைய மதிப்பைக் கடனிலிருந்து கழித்து, மிஞ்சியதற்குத் தவணை போடுவார்கள். விடை ஒன்றுதான். ஆனால் இரண்டு கூறாகப் பிரித்து எழுதுவதில் ஒரு நன்மை இருக்கிறது. 23,625 ரூபாவில் 6,000 ரூபா எதையும் அடைக்காமல் போகிறது என்பது எழுதும்போதே கண்ணில் படுகிறது.

இங்கே நடக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றே. பத்திலிருந்து நான்கைக் கழித்துவிட்டு ஆறு இலட்சத்துக்கு மட்டும் தவணை போட்டு, மாதம் 17,625 என்று மனக்கணக்கில் நம்பிவிடுவது. அந்தத் தவணையை ஒரு மாதமும் தவறாமல் கட்டினாலும், கட்டாமல் விட்ட வட்டி நான்கு இலட்சத்தோடு சேர்ந்து வட்டிக்கு வட்டியாக ஏறி, 48ஆம் மாதத்தில் 8,17,391 ரூபாவாக நிற்கும். வாங்கிய கடனில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே எஞ்சுகிறது. நிறுவனம் தரும் தவணை இந்த எண்ணுக்கு மேலே இருப்பதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று கொதிப்பவரும் உண்டு. அது ஏமாற்று அல்ல, ஒதுக்கிய தொகையின் வட்டி. ஏமாற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்தக் கணக்குக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைபேசியில் உள்ள சாதாரணக் கணிப்பானே போதும். 1.015ஐ மூன்று முறை பெருக்கினால் 1.045678. அதைத் தன்னாலேயே பெருக்கினால் ஆறு மாதத்துக்கானது, மறுபடி பெருக்கினால் பன்னிரண்டு, பிறகு இருபத்துநான்கு, பிறகு நாற்பத்தெட்டு. நான்காவது பெருக்கலில் 2.043478 வரும். ஒன்றை இதனால் வகுத்தால் 0.489362. அதை ஒன்றிலிருந்து கழித்து, 0.015ஐ அந்த விடையால் வகுத்தால் 0.029375. இதுதான் ஒரு ரூபாக் கடனுக்கான மாதத் தவணை. ஆறு இலட்சத்தால் பெருக்கி, நான்கு இலட்சத்தின் மாத வட்டியைச் சேர்த்தால் முடிந்தது. கணினியில் எக்செல் இருந்தால் ஒரே வரி:

```
=PMT(0.18/12, 48, -1000000, 400000)
```

கடனுக்குக் கழித்தல் குறியும் பெருந்தொகைக்குக் கூட்டல் குறியும் வர வேண்டும். இரண்டுக்கும் கழித்தல் குறியே போட்டால் 35,125 என்று வரும். பலூன் வைத்த கடனின் தவணை பலூன் இல்லாத கடனின் தவணையைத் தாண்டவே முடியாது. ஆகவே 29,375ஐ மிஞ்சும் எந்த விடையும் குறி மாறியதன் அடையாளம்.

தவணை குறைந்ததற்கு என்ன விலை என்பதை இனிப் பார்க்கலாம். மாதம் 5,750 ரூபா மிச்சம். 48 மாதத்தில் 2,76,000 ரூபா. கடைசியில் கொடுப்பதோ 4 இலட்சம். இடைவெளி 1,24,000 ரூபா. அத்தனையும் கூடுதல் வட்டி. ஆனால் இந்தக் கூட்டுத் தொகையை விட முக்கியமானது மீதி குறையும் வேகம். முதல் மாதத்தில் வட்டி மட்டும் 15,000 ரூபா. வழக்கமான கடனில் முதலிலிருந்து 14,375 கழியும்; பலூன் கடனில் கழிவது 8,625 தான். இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு வழக்கமான கடனில் மீதி ஏறக்குறைய 5,88,400 ரூபா. பலூன் கடனில் ஏறக்குறைய 7,53,000. அதாவது காலத்தில் பாதி போய்விட்டது, கடனில் கால்வாசிதான் போயிருக்கிறது. ஓட்டோவோ இந்த இரண்டு ஆண்டில் நுவரெலியாவின் மேட்டுப் பாதைகளிலும் தோட்டத்துக் கல் ரோட்டிலும் ஏறி இறங்கித் தேய்ந்திருக்கிறது. வருமானம் விழுந்து, வண்டியை விற்றுக் கடனை முடிக்கலாம் என்று நினைக்கும் நாளில், விற்கும் விலை மீதியை எட்டுமா என்பது இந்த இரண்டு எண்களின் வேறுபாட்டில் தொங்குகிறது. லீசிங் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிற்பது நிறுவனத்தின் பெயர். எனவே மீதியைத் தீர்க்காமல் கைமாற்றவும் முடியாது. தவணை நின்றால் வண்டியைச் சீஸ் பண்ணவும் அவர்களுக்கு வழி இருக்கிறது.

மலையகத்துக்கு இந்த வகைக் கடன் புதியதன்று. நகையை வங்கியில் அடகு வைத்தவருக்கு இதன் முழு உருவமும் தெரியும். அடகுக் கடனில் முதல் முழுவதும் கடைசியில்தான் வருகிறது. இடையில் வட்டியை மட்டும் கட்டி வருகிறார்கள். திருப்ப முடியாவிட்டால் வட்டியைக் கட்டி மறுபடி வைக்கிறார்கள். நம் சூத்திரத்தில் B என்பதை P-க்குச் சமமாக வைத்தால் முதற் கூறு பூச்சியமாகி, வட்டி மட்டும் மிஞ்சும். அதுவே அடகுக் கடன். B பூச்சியமானால் வழக்கமான தவணைக் கடன். பலூன் கடன் இவை இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. ஆனால் அடகில் ஒரு காவல் உண்டு: பெட்டகத்தில் கிடக்கும் பவுண் தேய்வதில்லை. கடைசி நாளில் அதை விற்றாலும் கடன் தீர்ந்து கையில் ஏதாவது நிற்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை. ஓட்டோவுக்கு அந்தக் குணம் கிடையாது. அடகு வைத்துப் பழகிய மனம் பலூன் கடனையும் அதே நிம்மதியோடு ஏற்றுக்கொள்ளும்போது, பொருள் மாறியிருப்பதைக் கவனிப்பதில்லை.

இதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: மாதம் மிச்சமாகும் 5,750 ரூபாவைச் சேர்த்து வைத்தால் கடைசியில் பெருந்தொகை தயாராக இருக்குமே. கேட்க நியாயமாக இருக்கிறது, கணக்கு இடம் தரவில்லை. ஆண்டுக்கு 8 சதவீதம் தரும் சேமிப்பில் மாதம் தவறாமல் போட்டாலும் 48ஆம் மாதம் கையில் இருப்பது சுமார் 3,24,000 ரூபா. இன்னும் 76,000 வேண்டும். நான்கு இலட்சத்தை எட்ட மாதம் ஏறக்குறைய 7,100 ரூபா போட வேண்டும். அதைத் தவணையோடு கூட்டிப் பாருங்கள்: 30,700க்கு மேல் போகிறது, பலூன் இல்லாத கடனின் 29,375ஐ விட அதிகம். லயத்துப் பெண்கள் தமக்குள் பிடிக்கும் சீட்டில் போட்டால் வட்டியே இல்லை. மாதம் 8,333 வேண்டும். அந்த 5,750 ரூபா நான்கு இலட்சமாக வளர வேண்டுமானால் சேமிப்பும் கடனைப் போலவே 18 சதவீதம் தர வேண்டும். அப்படித் தரும் பாதுகாப்பான இடம் சாதாரணக் காலத்தில் கிடையாது. ஆகவே சேமித்துத் தீர்க்கிறேன் என்பவர், தம்மால் வழக்கமான தவணையையே கட்ட முடியும் என்று ஒப்புக்கொள்கிறார். கட்ட முடிகிறவருக்குப் பலூன் எதற்கு?

இரண்டாவது மறுப்பு நடைமுறையை ஒட்டியது. கடைசித் தொகையை யாரும் ரொக்கமாகக் கட்டுவதில்லை, அதையே மறுபடி கடனாக மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம்தான். அதே 18 சதவீதத்தில் நான்கு இலட்சத்தை 24 மாதத்துக்கு மாற்றினால் தவணை 19,970 ரூபா. வட்டி 30 சதவீதமாக ஏறியிருந்தால் 22,365. நான்கு ஆண்டில் முடியும் என்று எடுத்த கடன், ஏறக்குறைய அதே தவணையோடு ஆறு ஆண்டாகிறது; அடியில் இருப்பதோ ஆறு ஆண்டு ஓடிய வண்டி. வட்டி அப்படியெல்லாம் ஏறுமா என்று கேட்கத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன் நிலையான கடன் வசதி வீதம் 7.5இலிருந்து 14.5 சதவீதமானது. அந்த ஆண்டில் கடைசித் தவணை விழுந்து, மறுகடனுக்குப் போனவரின் ஒழுக்கமோ வரவோ இந்த ஏற்றத்தைத் தடுத்திருக்க முடியாது. அமெரிக்காவில் 1920களில் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன: சில ஆண்டுக் காலம், வட்டியும் சிறிது முதலும், கடைசியில் பெருந்தொகை, அதைத் தீர்க்க மறுபடி கடன். 1930களின் தொடக்கத்தில் மறுகடன் கொடுப்பார் இல்லாமல் போனதும் வீடுகள் கூட்டங்கூட்டமாக ஏலத்துக்குப் போயின. 1933, 1934ஆம் ஆண்டுகளில் அங்கே கொண்டுவரப்பட்ட அரச ஏற்பாடுகள்தான் மாதாமாதம் முதலும் கரையும் நீண்ட காலத் தவணைக் கடனை வழக்கமாக்கின.

தோட்டத்தில் மறுகடனுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. ஊரில் இருப்பவர் வீட்டு உறுதியைக் கொண்டுபோய் வங்கியில் வைக்கலாம். லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தாலும் அந்தக் காம்பரா குடியிருப்பவர் பெயரில் இல்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்த குடும்பங்கள் ஒரு பகுதிதான். பிணையாக வைக்க அந்த ஓட்டோவும் கொஞ்சம் நகையும் தவிர வேறில்லை. ஆகவே மறுகடனுக்குப் பெரும்பாலும் அதே கடன்காரரிடமே போக வேண்டியிருக்கிறது. விலைபேசும் பலம் அவர் பக்கம். இந்த நிலைக்கு மலையகத்தில் நீண்ட வரலாறு உண்டு. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நிற்கும். கூலியிலிருந்து அது தீர்வது அபூர்வம். கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய தோட்டம் அந்தக் கடனைச் செலுத்த வேண்டும். இவ்வளவு கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். பழைய கடனைப் புதிய கடனால் தீர்ப்பதே அந்த முறையின் உயிர். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழிக்க வேண்டி வந்தது. இன்றைய பலூன் கடனை அதோடு சமப்படுத்துவது மிகை. இதில் ஆள் பிணையில்லை, வண்டிதான் பிணை. ஆனால் வரவால் தீர்க்க முடியாத மொத்தக் கடன், அடுத்த கடன்காரரைத் தேட வைக்கும் என்பது இரண்டிலும் ஒன்றே.

மூன்றாவது மறுப்பு வலுவானது. விலைவாசி ஏறும் நாட்டில் நான்கு ஆண்டு கழித்துக் கொடுக்கும் நான்கு இலட்சம் இன்றைய நான்கு இலட்சம் அல்ல. பணத்தின் பெறுமதி குறைவதால் கடைசித் தவணை தானாகவே இலேசாகும் என்ற வாதம். இலங்கையில் இது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய ஓட்டோக்களின் விலை ஏறியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மாறாத வட்டிக்கு முன்பே கடன் எடுத்து வண்டியைக் காப்பாற்றி வைத்திருந்தவருக்கு, விற்றால் பெருந்தொகையைக் கட்டி மீதியும் கையில் நின்றிருக்கும். ஆனால் பணவீக்கம் கடனை இலேசாக்க வேண்டுமானால் வரவும் கூடவே ஏற வேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகி, 2024 செப்டெம்பர் வரை அங்கேயே நின்று, பிறகுதான் 1,350 ஆனது. அந்த இடைவெளியில் அரிசியும் மாவும் பெற்றோலும் ஏறியதை எல்லோரும் அறிவர். அந்த 1,350 ரூபாவிலும் 25 நாள் பேர் விழுந்தால் வந்தது 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போக 31,050. தோட்டத்து ஓட்டோவின் பயணிகள் இந்தக் கூலிக்காரர்கள்தான். பத்தாம் திகதி சம்பளத்துக்குப் பின் ஓட்டம் கூடி, மாதக் கடைசியில் இறங்கும். பயணியின் கூலி நின்ற இடத்தில் நின்றால் ஓட்டோக்காரரின் வரவும் அதிகம் நகராது. இறக்குமதித் தடையோ நிரந்தரமானதன்று. 2025இல் அது தளர்த்தப்பட்டது.

அப்படியானால் இந்தக் கடன் யாருக்குமே பொருந்தாதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. கடைசித் தொகை எங்கிருந்து வரும் என்பது கடன் எடுக்கும் நாளிலேயே தெரிந்திருப்பவருக்கு இது நல்ல கருவி. நான்கு ஆண்டில் முதிரும் நிலையான வைப்பு வைத்திருப்பவர் ஓர் எடுத்துக்காட்டு. வண்டியை நான்கு ஆண்டில் எப்படியும் மாற்றப் போகிறவர் இன்னொருவர். அன்றைக்கு அது நிச்சயம் போகும் விலைக்குக் கீழே பெருந்தொகையை வைத்தால் அவருக்கு ஆபத்து குறைவு. தோட்டத்தில் அடிக்கடி சொல்லப்படும் மூன்றாவது வழி அப்பாவின் சேமலாப நிதி: அவர் ஓய்வு பெறுவார், அந்தக் காசில் ஓட்டோவைத் தீர்க்கலாம். தொகை இருக்கிறது, நாளும் தெரிகிறது. ஆனால் தோட்ட நிர்வாகம் தவறாமல் செலுத்தி வந்திருக்கிறதா என்று உறுப்பினர் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். அரச தோட்டக் கம்பனிகளின் சேமலாப நிலுவை பலமுறை பேசுபொருளானது. ஓய்வு நாளுக்கும் காசு கைக்கு வரும் நாளுக்கும் நடுவே மாதங்கள் போகலாம். கடைசித் தவணை அதற்காகக் காத்திராது. அது முதியவரின் கடைசிக்காலப் பணம் என்பதைக் கணக்குச் சொல்லாது, குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

ஏமாற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் ஒப்பந்தத் தாள். முதல் தவணை எப்போது? நாம் கணக்கிட்ட 23,625 ரூபா, கடன் எடுத்து ஒரு மாதம் கழித்து முதல் தவணை கட்டுவதற்கு உரியது. லீசிங்கில் கையெழுத்திடும் நாளிலேயே முதல் தவணையை வாங்குவதும் உண்டு. அப்படியானால் நியாயமான தவணை 23,276. அதே 23,625ஐக் கேட்டால் உண்மை வட்டி 18 சதவீதத்துக்கு மேல் போகிறது. பெருந்தொகை 48ஆவது தவணையோடு சேர்த்தா, அதற்கு அடுத்த மாதமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சமவட்டி என்று சொல்லி வீதம் தந்தால் அதை ஒப்பிடவே முடியாது. 12 சதவீதச் சமவட்டி, பலூன் இல்லாத 48 மாதக் கடனில் மீதியின் மேல் ஏறக்குறைய 20.75 சதவீதம், நான்கு இலட்சப் பலூனோடு 16.25. ஒரே பன்னிரண்டு, இரண்டு வேறு கடன். மாதவாரியாக வட்டி, முதல், மீதி என்று மூன்று நிரல் கொண்ட அட்டவணையைக் கேட்டு வாங்குவதே வழி. அதன் 48ஆவது வரியில் மீதி சரியாக 4,00,000 என்று நின்றால் தவணை சரி. அதற்கு மேலே நின்றால் எங்கோ ஒரு கட்டணம் கடனுக்குள் நுழைந்திருக்கிறது.

பேரம் பேசும்போது கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். இந்த 18 சதவீதத்திலும் 48 மாதத்திலும் மாதத் தவணையில் 1,000 ரூபா குறைய வேண்டுமானால் கடைசியில் 69,565 ரூபா சேர்கிறது. 48,000 ரூபா நிம்மதிக்கு அதுதான் விலை. மாதம் 25,000 வரை கட்ட முடியும் என்பவருக்கு 29,375இலிருந்து குறைய வேண்டியது 4,375, அதை 69.565ஆல் பெருக்கினால் பெருந்தொகை சுமார் 3,04,350 போதும். நிறுவனம் நான்கு இலட்சம் என்று முழு எண்ணாகச் சொன்னால், மீதி 95,650க்கு நான்கு ஆண்டு வட்டி கட்ட அவர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.